கன்ட்ரோலரை வைத்து நீளமான வைஃபை பாஸ்வேர்டு அடிப்பது: சரியாக அடித்தும் கன்சோல் ஏற்கவில்லை

நீலவிளக்கு | ஜூன் 4, இரவு 10:12

பிளேஸ்டேஷன் 5. கையில் கன்ட்ரோலர் மட்டும்தான், கீபோர்டு கிடையாது. வைஃபை பாஸ்வேர்டு பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் கலந்து பாஸ்வேர்டு மேனேஜர் உருவாக்கியது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்து முடித்தால் இணைக்க முடியவில்லை, பாஸ்வேர்டைச் சரிபாருங்கள் என்று வருகிறது. இன்னொருவரை வாசிக்கச் சொல்லி மறுபடி அடித்தேன், அப்போதும் அதேதான். என் போனும் லேப்டாப்பும் இதே நெட்வொர்க்கில் ஒழுங்காக ஓடுகின்றன, அதனால் ரவுட்டர் மேல் சந்தேகமில்லை. எங்கே தவறுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கீபோர்டு வாங்கு என்று சொல்லாதீர்கள், கன்ட்ரோலரோடு இதை முடிக்க வேண்டும்.

மூன்றாம்_மாடி | ஜூன் 4, இரவு 10:31

ப்ரோ, போன் ஆப் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு? கன்சோலின் ஆப்பை இறக்கிக் கொள்ளுங்கள், போன் கீபோர்டிலேயே அடிக்கலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், கடையில் பெயர் தேடுவது, மெசேஜ் அனுப்புவது எல்லாமே.

தறி | ஜூன் 4, இரவு 10:44

அந்த ஆப் கன்சோலை எட்டிப் பிடிப்பதே நெட்வொர்க் வழியாகத்தான். நெட்வொர்க்கில் சேராத கன்சோலுக்கு அது எந்த வழியாகப் போகும்? முதல் இணைப்புக்குப் பிறகு ஆப் அருமையான வசதி, அந்த முதல் இணைப்புக்கு மட்டும் உதவாது.

நீலவிளக்கு, கன்சோல் சொல்லும் பிழைச்செய்தியை வேதவாக்காக எடுக்க வேண்டாம். நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. கன்சோல் அந்த பாஸ்வேர்டையும் நெட்வொர்க் பெயரையும் சேர்த்து அரைத்து ஒரு சாவி செய்து, அந்தச் சாவி தன்னிடம் இருக்கிறது என்பதற்கு ஒரு சான்றை மட்டும் அனுப்புகிறது. ரவுட்டர் தன்னிடம் இருக்கும் சாவியை வைத்து அதைச் சோதிக்கிறது. பொருந்தவில்லை என்றால் "பாஸ்வேர்டு தவறு" என்று பதில் வராது, ரவுட்டர் அந்தச் சான்றைக் கண்டுகொள்ளாது, கொஞ்ச நேரத்தில் இணைப்பை அறுத்துவிடும். கன்சோல் அதைப் பார்த்து ஊகம்தான் செய்கிறது. எந்த இடத்தில் எந்த எழுத்து பிசகியது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியாது. ஓர் எழுத்து மாறினாலும் எல்லா எழுத்தும் மாறினாலும் வரும் செய்தி ஒன்றே.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது நீளம். பாஸ்வேர்டில் எத்தனை எழுத்து இருக்க வேண்டும், திரையில் எத்தனை புள்ளி இருக்கிறது? ஒத்துப்போகிறதா?

நீலவிளக்கு | ஜூன் 4, இரவு 11:02

இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை. காலையில் பார்க்கிறேன்.

இடையில் ஒரு விஷயம். L1, R1 இரண்டும் கர்சரை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன, அதற்குக் கீழேயே இருக்கும் R2 "முடிந்தது". கர்சரை நகர்த்தப் போய் விரல் கொஞ்சம் சறுக்கினால் பாதி பாஸ்வேர்டோடு ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடுகிறது. நடுவில் ஒரு பிழையைத் திருத்தத்தான் இந்த வசதி, அந்த நேரத்திலா இந்த ஆபத்து! கன்ட்ரோலரை மேசை மேல் கிடத்திவிட்டு ஒரு விரலால் அடிப்பது இதற்குப் பரவாயில்லை.

கரைமணல் | ஜூன் 5, காலை 6:50

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது. கணக்கில் உள்ளே போக மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் அடிக்கச் சொன்னது. அங்கே திரையில் ஒரு கியூஆர் கோடு வரும், போனில் ஸ்கேன் செய்தால் அடிக்காமலே உள்ளே போய்விடலாம். அதைப் பாருங்கள்.

தறி | ஜூன் 5, காலை 7:15

அது கணக்குக்கான பாஸ்வேர்டு, கரைமணல். இவர் கேட்பது வைஃபை. ஆனால் கியூஆர் என்று நீங்கள் சொன்னதும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நீலவிளக்கு, எழுத்துகளை எதைப் பார்த்து அடிக்கிறீர்கள்? ரவுட்டர் பக்கத்திலிருந்தா, பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்தா, வேறு எங்கிருந்தாவதா?

நீலவிளக்கு | ஜூன் 5, காலை 8:20

பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கும் லேப்டாப் இப்போது என்னிடம் இல்லை, வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார். அதனால் போனில் வைஃபை பகிரும் பக்கத்தைத் திறந்து, அதில் வரும் கியூஆரை இன்னொரு போனில் ஒரு ஸ்கேனர் ஆப்பால் படித்தேன். அது எழுத்தாகக் காட்டியதைப் பார்த்துத்தான் அடிக்கிறேன். எண்ணியும் பார்த்தேன், திரையில் 20 புள்ளி. பாஸ்வேர்டு மேனேஜரில் நீளத்தை 18 என்று வைத்ததாக ஞாபகம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

தறி | ஜூன் 5, காலை 8:41

அந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் பாஸ்வேர்டை இங்கே போட வேண்டாம். அதே வடிவத்தில் பொய்யாக ஒன்றை நானே எழுதுகிறேன்:

```
WIFI:T:WPA;S:veedu;P:k7Rm\;Tq2x\:Vd9pLw4z;;
```

ஸ்கேனர் காட்டியது இந்த மாதிரி இருந்ததா? P: என்பதற்குப் பிறகு வருவது பாஸ்வேர்டு. ஆனால் இந்த வரியில் அரைப்புள்ளி என்பது ஒவ்வொரு பகுதியும் முடிவதற்கான அடையாளம். பாஸ்வேர்டுக்குள்ளேயே அரைப்புள்ளி வந்தால் குழப்பம் வரும் என்பதற்காக அதற்கு முன்னால் ஒரு சாய்வுக்கோட்டைச் செருகிவைப்பார்கள். காற்புள்ளி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள் குறி, அந்தச் சாய்வுக்கோடு ஆகியவற்றுக்கும் இதே கதைதான். போன் தானாக இணையும்போது அந்தக் கோட்டை நீக்கிவிட்டுத்தான் படிக்கும். சாதாரண ஸ்கேனர் ஆப் உள்ளதை உள்ளபடி காட்டும். மேலே இருக்கும் வரியில் உண்மையான பாஸ்வேர்டு இது:

```
k7Rm;Tq2x:Vd9pLw4z
```

18 எழுத்து. சாய்வுக்கோடுகளோடு எண்ணினால் 20. கடைசியில் இருக்கும் இரண்டு அரைப்புள்ளியும் பாஸ்வேர்டில் சேராது. வைஃபை பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து வரை இருக்கலாம் என்பதால் 20-ஐயும் கன்சோல் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும், எங்கேயும் எச்சரிக்கை வராது.

நீலவிளக்கு | ஜூன் 5, மாலை 6:33

இணைந்துவிட்டது! என் பாஸ்வேர்டில் ஓர் அரைப்புள்ளியும் ஒரு காற்புள்ளியும் இருந்தன, இரண்டுக்கும் முன்னால் சாய்வுக்கோடு. இரண்டையும் விட்டுவிட்டு அடித்ததும் உடனே உள்ளே போனது. நேற்று முழுக்க அதிக நேரம் தின்றதே அந்தச் சாய்வுக்கோட்டைக் குறிகளின் பக்கத்தில் தேடியதுதான். கண் அந்தக் கட்டங்கள் மேல் வரிசை வரிசையாக ஓடும், அது மட்டும் சட்டென்று பிடிபடாது. தேவையே இல்லாத ஓர் எழுத்துக்கு அத்தனை நேரம் என்று நினைக்கும்போது ஆறவில்லை.

தறி, மிக்க நன்றி. ஆனால் எனக்கு இன்னொரு கேள்வி இருக்கிறது. விருந்தினர் வரும்போதும் வேறு கன்சோல் வரும்போதும் இதையே திரும்ப அனுபவிக்க விருப்பமில்லை. பாஸ்வேர்டையே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். கன்ட்ரோலரில் அடிக்க எளிதாகவும் இருக்க வேண்டும், யாரும் உடைக்கவும் கூடாது.

மூன்றாம்_மாடி | ஜூன் 5, மாலை 7:05

பெரிய எழுத்து, எண், குறி மூன்றும் இல்லாவிட்டால் அது பாஸ்வேர்டே கிடையாது. அதில் சமரசம் வேண்டாம். நீளத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள், 12 போதும்.

பழைய_கணக்கு | ஜூன் 5, இரவு 9:18

12 போதும் என்பது சரி, மூன்றும் கட்டாயம் என்பது தவறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம், எனக்கு இது பிடித்த வேலை.

கீபோர்டில் இருக்கும் 94 எழுத்து, எண், குறிகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 12 எடுத்தால் கிட்டத்தட்ட 79 பிட் வலு. வெறும் சின்ன எழுத்து 26-லிருந்து 17 எடுத்தால் கிட்டத்தட்ட 80 பிட். உடைக்க நினைப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வலு எங்கிருந்து வருகிறது என்றால் எழுத்துகளை மனிதர் தேர்ந்தெடுக்காமல் குலுக்கி எடுப்பதிலிருந்து.

இப்போது பட்டன் கணக்கு. திரைக் கீபோர்டில் ஓர் எழுத்திலிருந்து தற்செயலான இன்னோர் எழுத்துக்குப் போகச் சராசரியாக நான்கு நகர்வு, அப்புறம் தேர்ந்தெடுக்க ஓர் அழுத்து, ஆக எழுத்துக்கு ஐந்து. 17 சின்ன எழுத்துக்கு 85. கலப்பு 12-க்கு 60, அதோடு பெரிய எழுத்து மூன்றுக்கு ஒவ்வோர் அழுத்து கூட, குறி நான்குக்குப் பக்கம் மாற ஒன்று, திரும்ப ஒன்று. மொத்தம் 70 சொச்சம்.

பட்டன் கணக்கில் பார்த்தால் கலப்புதான் குறைவு! நான் இதற்கு நேர் எதிராகத்தான் எதிர்பார்த்தேன்.

நீலவிளக்கு | ஜூன் 5, இரவு 9:40

ஆனால் கையில் அப்படித் தெரியவில்லையே. கலப்பில் அழுத்துகிற நேரம் குறைவு, பார்க்கிற நேரம் அதிகம். இப்போது பெரிய எழுத்தில் இருக்கிறேனா, ஒரு எழுத்துக்கு மட்டுமா, அல்லது பூட்டிவிட்டதா, குறிகளின் பக்கத்திலிருந்து திரும்பி வந்தேனா, இதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் திரையைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சின்ன எழுத்து மட்டும் என்றால் இந்தச் சந்தேகமே எழாது. போதாததற்குக் கலப்பில் சின்ன எல், பெரிய ஐ, எண் ஒன்று மூன்றும் ஒரே கோடாகத் தெரியும், பெரிய ஓவும் பூஜ்யமும் அப்படித்தான்.

பழைய_கணக்கு | ஜூன் 5, இரவு 10:02

ஒப்புக்கொள்கிறேன். நான் எண்ணியது அழுத்தத்தை மட்டும். ஒரு பிழை வந்தால் எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும், அது 70-ஐ 140 ஆக்கிவிடும். பிழை வரும் வாய்ப்பு 85-இல் குறைவு என்றால் 85 தான் மலிவு.

சின்னத்திரை_ரசிகை | ஜூன் 6, மதியம் 1:27

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: X அழிக்கும், Y இடைவெளி விடும், இடது ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் பெரிய எழுத்து, LT குறிகளின் பக்கம். பிளேஸ்டேஷனில் சதுரம் அழிக்கும், முக்கோணம் இடைவெளி, L2 பெரிய எழுத்து. இதைப் பழகிவிட்டால் ஷிஃப்ட் கட்டத்துக்கும் அழிக்கும் கட்டத்துக்கும் கர்சரை ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், பாதி வேலை குறைந்துவிடும்.

ஆனால் இந்த இடைவெளி பட்டன்தான் எங்கள் வீட்டில் வில்லன். பையன் முக்கோணத்தைத் தெரியாமல் தட்டிவிட்டு, கடைசியில் ஒரு வெற்றிடத்தோடு பாஸ்வேர்டை ஒப்படைத்தான். இடைவெளியும் ஓர் எழுத்தாகவே கணக்கில் சேரும், எழுத்துகளைத் திரையில் தெரியவைத்தாலும் கண்ணுக்குப் படாது. அதையும் புள்ளிகளாக வைத்து எண்ணியபோதுதான் தெரிந்தது. அதனால் தறி சொன்ன எண்ணும் வழிக்கு என் ஓட்டு.

இன்னொன்று, நகர்வதற்கு ஸ்டிக்கை விட்டுவிட்டு திசை பட்டன்களைப் பயன்படுத்துங்கள். ஸ்டிக்கைக் கொஞ்சம் பிடித்து வைத்தாலே கர்சர் தாண்டி ஓடிவிடும். திசை பட்டனில் ஒரு தட்டுக்கு ஒரு கட்டம்.

மூன்றாம்_மாடி | ஜூன் 6, மதியம் 2:10

சரி, அப்படியென்றால் பக்கத்து பக்கத்து எழுத்துகளாக வைத்துக் கொள்ளலாமே. qwer, asdf எட்டு எழுத்து மட்டும். கர்சர் நகரவே வேண்டாம்.

தறி | ஜூன் 6, மதியம் 2:24

qwerasdf என்று வரிசையாக வைத்தால் யாருடைய பட்டியலிலும் முதல் பக்கத்தில் இருக்கும். வேண்டவே வேண்டாம்.

பழைய_கணக்கு | ஜூன் 6, மாலை 5:50

வரிசையாக வைக்காமல் அந்த எட்டையும் குலுக்கி எடுத்தால்? எட்டில் ஒன்று என்றால் எழுத்துக்குச் சரியாக 3 பிட். 27 எழுத்து வேண்டும், 81 பிட் வரும். நகர்வு சராசரி 1.75, அழுத்து 1, ஆக எழுத்துக்கு 2.75. மொத்தம் 74. அதாவது 17 சின்ன எழுத்தின் 85-ஐ விடக் குறைவு, கலப்பு 12-இன் 70-க்குப் பக்கத்தில், ஷிஃப்ட்டும் இல்லை, பக்கம் மாறுவதும் இல்லை. மூன்றாம்_மாடி எந்த எண்ணத்தில் சொன்னாரோ, குலுக்கி எடுத்தால் இது உருப்படியான வழி.

நீலவிளக்கு | ஜூன் 6, இரவு 8:15

அடித்துப் பார்த்தேன், சும்மா ஒரு தேடல் பெட்டியில். விரல் வேகமாக ஓடுகிறது, உண்மைதான். ஆனால் fdsawqqerdfas என்று போகும்போது தாளில் எந்த இடத்தில் இருக்கிறேன் என்பது தொலைந்துவிடுகிறது. எல்லாம் ஒரே மாதிரி எழுத்து, கண் நழுவுகிறது. நான்கு நான்காகப் பிரித்து எழுதி, ஒவ்வொரு நான்கு முடிந்ததும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம். எனக்கு என்னவோ இது திருப்தியாக இல்லை.

நான் சாய்வது குலுக்கி எடுத்த சொற்களின் பக்கம். ஒரு சொல்லைத் தலைக்குள் வைத்துக்கொண்டு அடிக்கலாம், எழுத்துக்கு எழுத்து தாளைப் பார்க்க வேண்டாம்.

பழைய_கணக்கு | ஜூன் 6, இரவு 8:52

பகடை உருட்டி எடுக்கும் சொற்பட்டியலில் 7776 சொல் இருக்கும், ஒரு சொல்லுக்கு ஐந்து தடவை பகடை. ஆறு சொல் எடுத்தால் 77 பிட்டுக்குச் சற்று மேலே. ஆனால் சொற்களைச் சேர்த்தால் 25-க்கு மேல் எழுத்து ஆகும், பட்டன் 125-ஐத் தாண்டும். எண்ணிக்கையில் இதுதான் மிக மோசம். உங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை என்றால் சரி.

தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட வேண்டாம். vaazhai என்று வைத்துவிட்டு வாயால் சொன்னால், கேட்பவர் vazhai என்று அடிப்பார்.

கரைமணல் | ஜூன் 7, காலை 7:08

ரவுட்டரில் WPS என்று ஒரு பட்டன் இருக்குமே, அதை அழுத்திவிட்டு கன்சோலிலும் அதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றும் அடிக்கவே வேண்டாமே. யாரும் ஏன் சொல்லவில்லை?

தறி | ஜூன் 7, காலை 7:45

நல்ல இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பிளேஸ்டேஷனில் அந்த வழி இருக்கிறது. பட்டனை அழுத்திய பிறகு இரண்டு நிமிடத்துக்குள் இணைய வேண்டும், அந்த நேரத்தில் அருகில் இருக்கும் எந்தக் கருவியும் முயலலாம். வீட்டில் அது பெரிய அபாயம் இல்லை.

என் தயக்கம் வேறு. WPS-ஐத் திறந்து வைக்கும்போது பல ரவுட்டர்களில் எட்டு இலக்க எண் வழியும் சேர்ந்தே திறந்துவிடும். அந்த எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சோதிக்கிறது, கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அதனால் பத்துக் கோடி வாய்ப்பு இருக்க வேண்டிய இடத்தில் 11,000 தான் இருக்கின்றன. 2011-லேயே இது அம்பலமானது. எண் வழியைத் தனியாக மூட முடிந்தால் பட்டனைப் பயன்படுத்துங்கள், முடியாவிட்டால் இணைத்த கையோடு WPS-ஐ அணைத்துவிடுங்கள். பாதுகாப்பு வகையை WPA3 மட்டும் என்று வைத்திருந்தால் இந்தப் பட்டன் வேலை செய்யாது.

சின்னத்திரை_ரசிகை | ஜூன் 7, மதியம் 12:30

எனக்கு மணிக்கட்டில் வலி, 85 தட்டு என்பதே அதிகம். நீலவிளக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆனாலும் வேறு யாராவது படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்: கணினியில் செருகும் சாதாரண யுஎஸ்பி கீபோர்டு இந்தக் கன்சோல்களில் வேலை செய்கிறது, ஒரு முறைக்காகக் கடன் வாங்கினாலும் போதும். கடன் வாங்கிய கீபோர்டில் ஒரு சிக்கல் வந்தது. கன்சோல் அமெரிக்க அமைப்பில் இருந்தது, கீபோர்டு பிரிட்டிஷ் அமைப்பு. @ குறியை அழுத்தினால் " விழுந்தது, திரையில் புள்ளிதான் தெரியும் என்பதால் நீளமும் ஒத்துப்போனது. எழுத்துகளைத் தெரியவைக்கும் வழி இருந்தால் அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

தறி | ஜூன் 7, மதியம் 1:04

எண்ணிப் பார்க்கும் வழியில் சிக்காத பிழை அது. குறித்துக்கொள்கிறேன்.

நீலவிளக்கு | ஜூன் 8, இரவு 9:20

ஆறு சொல் பாஸ்வேர்டுக்கு மாற்றிவிட்டேன், எல்லாம் சின்ன எழுத்து, நடுவில் இடைவெளி இல்லை. கன்சோலில் முதல் தடவையே ஏற்றுக்கொண்டது. போன், லேப்டாப், டிவி எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டியிருந்தது, டிவி ரிமோட்டில் அது தனி வேதனை.

அடுத்த வருடம் ரவுட்டரை மாற்றும் எண்ணம் இருக்கிறது. அப்போது திரும்பவும் இத்தனையும் செய்ய வேண்டுமா?

தறி | ஜூன் 8, இரவு 9:48

வேண்டாம். புது ரவுட்டரில் நெட்வொர்க் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் பழையதைப் போலவே வையுங்கள். பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கூட மாறக் கூடாது, ஏனென்றால் சாவி பெயரையும் சேர்த்துத்தான் பிறக்கிறது. அப்படி வைத்தால் கன்சோலுக்கு ரவுட்டர் மாறியது தெரியவே தெரியாது, தானாகச் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாம்_மாடி | ஜூன் 9, காலை 10:15

என் பழைய பிளேஸ்டேஷன் 4-இல் என் நெட்வொர்க் பெயர் பட்டியலிலேயே வரவில்லை. பாஸ்வேர்டு அடிக்கும் இடம் வரைக்கும் போகவே முடியவில்லை. இதற்கும் பாஸ்வேர்டு நீளம் காரணமா?

தறி | ஜூன் 9, காலை 10:40

இல்லை, பெயர் தெரிந்த பிறகுதான் பாஸ்வேர்டு பேச்சு வரும். 2013-இல் வந்த முதல் மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பார்க்கும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அதன் கண்ணில் படாது. ரவுட்டரில் 2.4 அணைந்திருக்கிறதா, அல்லது வேறு பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது எந்த மாடல்?